2 ரூபாய் 40 காசுக்குக் கிடைத்த பங்கு மலிவானதா?

"ஐயா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தேங்காய், கொப்பரை வியாபாரம் செய்கிறேன். குறி எடுத்த பணம் 1,80,000 ரூபாயை ஒரே பங்கில் போட்டு, 2 ரூபாய் 40 காசு வீதம் 75,000 பங்குகள் வாங்கினேன். மச்சான் சேர்த்துவிட்ட டெலிகிராம் குழுவில், ஏழு வருடத்துக்கு முன்பு 48 ரூபாய்க்கு விற்ற பங்கு இது, இனி இறங்க இடமில்லை என்றார்கள். எல்சிட் என்ற பங்கு ஒரே நாளில் 3 ரூபாய் 53 காசிலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் போனதையும் காட்டினார்கள். நான் வாங்கிய மறுநாளிலிருந்து ஏழு நாளாக லோயர் சர்க்யூட், ஒரு நாளில் இறங்க விடும் எல்லை வரை தினமும் விலை இறங்குகிறது. இப்போது விலை 1 ரூபாய் 71 காசு. விற்கப் போட்டாலும் விற்பனையாவதில்லை. இந்த விலையில் இன்னும் ஒரு லட்சத்துக்கு வாங்கி ஆவரேஜ் செய்யச் சொல்கிறார்கள். அது பொள்ளாச்சியில் படிக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணம். என்னை நம்பிக் கடையில் வேலை செய்யும் இரண்டு பேரும் இதே பங்கை வாங்கியிருக்கிறார்கள். இன்னும் வாங்கட்டுமா, பொறுத்திருக்கட்டுமா?"

அன்புள்ள வாசகருக்கு,

மகளின் கட்டணத்துக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பொறுமையாகப் பார்க்கலாம். நீங்கள் குறிப்பிட்டு அனுப்பிய நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். அதன் ஆண்டறிக்கைகளையும், பங்குச் சந்தைக்கு அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பங்குதாரர் விவரத்தையும் படித்த பிறகே இதை எழுதுகிறேன். இவை எல்லாம் www.bseindia.com தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியவை.

48 ரூபாயும் 2 ரூபாய் 40 காசும்

ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும்போது, ஒரு மரத்துக்கு என்ன விலை என்பதை மட்டும் கேட்டு நீங்கள் பணம் கொடுக்க மாட்டீர்கள். எத்தனை மரம், வெட்டுக்கு எத்தனை காய் என்று கேட்பீர்கள். பங்கிலும் அந்த முதல் கேள்விதான் விலையைத் தீர்மானிக்கிறது: நிறுவனம் மொத்தம் எத்தனை பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது? ஒரு பங்கின் விலையை அந்த எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதுதான் நிறுவனத்துக்குச் சந்தை கேட்கும் விலை. அதையே சந்தை மதிப்பு என்கிறோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, பங்கு 48 ரூபாய்க்கு விற்றபோது, இந்த நிறுவனத்துக்கு இருந்தவை 2 கோடி பங்குகள். ஏட்டில் குறித்த மதிப்பான முகமதிப்பு ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய். ஆக, முழு நிறுவனத்தின் விலை 96 கோடி ரூபாய். அந்த ஆண்டில் அதன் விற்பனை 70 கோடி. பிறகு 10 ரூபாய்ப் பங்கு ஒவ்வொன்றையும் 1 ரூபாய்ப் பங்குகள் பத்தாகப் பிரித்தார்கள். பங்குகள் 20 கோடியாயின. பழைய 48 ரூபாய் என்பது புதிய கணக்கில் 4 ரூபாய் 80 காசுதான். அப்போதே உங்கள் குழு காட்டும் அந்தப் பழைய விலை பொருளற்றுப் போய்விட்டது. அதன்பின் வியாபாரம் சுருங்க, விலை மெல்ல மெல்ல 1 ரூபாய்க்கு வந்தது. சென்ற ஆண்டு முன்னுரிமை ஒதுக்கீடு என்ற வழியில், நிறுவனத்தை நடத்தும் புரமோட்டர் அல்லாத பதினொரு பேருக்கு, 1 ரூபாய் வீதம் 40 கோடிப் புதிய பங்குகள் கொடுக்கப்பட்டன. இப்போது மொத்தம் 60 கோடிப் பங்குகள்.

நீங்கள் வாங்கிய 2 ரூபாய் 40 காசை 60 கோடியால் பெருக்கிப் பாருங்கள்: 144 கோடி ரூபாய். விற்பனை 70 கோடியாக இருந்த காலத்தில் 96 கோடிக்குக் கிடைத்த அதே நிறுவனத்தை, விற்பனை 9 கோடியாகச் சுருங்கி நட்டத்தில் ஓடும்போது 144 கோடி என்ற மதிப்பில் வாங்கியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிந்த விலை 48இலிருந்து 2.40ஆக இறங்கியது, நிறுவனத்தின் விலையோ ஒன்றரை மடங்காகியிருந்தது. 20 லட்சம் பங்குகள் மட்டுமே உள்ள வேறொரு நிறுவனத்தின் பங்கு 720 ரூபாய்க்கு விற்றால் அதன் மதிப்பும் இதே 144 கோடிதான். அந்த 720 ரூபாய்ப் பங்கு உங்கள் கண்ணுக்கு எட்டாத விலையாகத் தெரிந்திருக்கும்.

விலை மறுபடியும் 48க்குப் போகும் என்கிறார்கள் அல்லவா? 48ஐ 60 கோடியால் பெருக்கினால் 2,880 கோடி. ஆண்டுக்கு 9 கோடிக்குச் சரக்கு விற்று அதிலும் நட்டப்படும் ஒரு நிறுவனத்துக்கு எவராவது 2,880 கோடி கொடுப்பாரா என்பதை ஒரு வியாபாரியான நீங்களே முடிவு செய்யலாம்.

சரி, நிறுவனத்துக்குள் என்னதான் இருக்கிறது? ஆண்டறிக்கையின்படி, சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சும் நிகர மதிப்பு 21 கோடி, அதாவது பங்குக்கு 35 காசு. கொப்பரையை உடைத்துப் பார்க்காமல் நீங்கள் மூட்டையை எடை போட மாட்டீர்கள் என்பதால் இதையும் உடைத்துப் பார்ப்போம். அந்த 21 கோடியில் 17 கோடி, பிறருக்குக் கொடுத்த கடனும் முன்பணமும். அவற்றுக்கு வட்டி வந்ததாகக் கணக்கில் இல்லை. பணம் வாங்கியவர்களிடமிருந்து உறுதிக் கடிதம் கிடைக்கவில்லை என்று தணிக்கையாளர் தமது அறிக்கையில் எழுதியிருக்கிறார். பலர் படிக்காமல் புரட்டிவிடும் பக்கம் அது. இப்படிப்பட்ட நிறுவனங்களில் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். 17 கோடி திரும்பாது என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 4 கோடி, பங்குக்கு ஏறக்குறைய 7 காசு.

உங்களுக்கு விற்றவர் யார்

நீங்கள் 75,000 பங்குகள் வாங்கிய அதே நொடியில் யாரோ ஒருவர் 75,000 பங்குகள் விற்றிருக்கிறார். ஏறப்போகும் பங்கு என்று குழுவில் ஆயிரம் பேர் நம்பி வாங்கிக்கொண்டிருந்தபோது, அத்தனை பேருக்கும் கொடுப்பதற்குப் பங்கு யார் கையில் இருந்தது?

முன்னுரிமை ஒதுக்கீட்டில் பங்கு பெற்ற புரமோட்டர் அல்லாதவர்கள், அந்தப் பங்குகள் சந்தையில் வர்த்தகமாக அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதம் அவற்றை விற்கக் கூடாது என்பது, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் விதி. இந்த நிறுவனத்தில் அந்த ஆறு மாதம் முடிந்ததும், உங்கள் குழுவில் செய்திகள் தொடங்கியதும் அடுத்தடுத்த வாரங்களில். அதற்கடுத்த இரண்டு மாதத்தில் விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் 40 காசுக்கு, பெரும்பாலும் ஒரு நாளில் ஏற விடும் எல்லை வரை ஏறும் அப்பர் சர்க்யூட்டாகவே ஏறியது. பங்குதாரர் விவரத்தில், 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பொதுப் பங்குதாரர்களின் பெயர்கள் வரும். முந்தைய காலாண்டில் அங்கே இருந்த அந்தப் பதினொரு பெயர்களில் ஐந்து, கடைசிக் காலாண்டில் இல்லை. புரமோட்டரின் பங்கு ஏழு ஆண்டில் 52 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகிவிட்டது; சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கையோ 8,000இலிருந்து 1,90,000 ஆகியிருக்கிறது.

இதைக் கொண்டு யாரும் மோசடி செய்தார் என்று நான் தீர்ப்பளிக்க முடியாது; அது செபி விசாரித்துச் சொல்ல வேண்டியது. ஆனால், 1 ரூபாய்க்கு வாங்கியவர்களும் நிறுவனத்தை நடத்துபவர்களும் வெளியேறிக்கொண்டிருந்தபோது அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று வாங்கியவர்கள் யார் என்பது அந்த இரண்டு வரிகளில் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் அந்த 1,90,000 பேரில் ஒருவர். இது உங்கள் புத்திக்குறைவால் நேர்ந்ததும் அல்ல. விலை தினமும் அப்பர் சர்க்யூட் அடிக்கும்போது வாங்கவே கிடைக்காது. கிடைக்காத பொருள்மேல் ஆசை கூடும். பிறகு ஒரு நாள் கேட்ட அளவு முழுவதும் கிடைக்கும். 75,000 பங்குகளும் உங்களுக்கு ஒரே நாளில் கிடைத்தது நல்ல நேரத்தினால் அல்ல.

"இனி இறங்க இடமில்லை"

இந்தச் சொல்தான் குறைந்த விலைப் பங்குகளில் மிகுதியானவர்களை ஏமாற்றுகிறது. இழப்பு காசுக்கணக்கில் வருவதில்லை, விகிதத்தில் வருகிறது. 1,200 ரூபாய்ப் பங்கு 600 ஆவதும், 2 ரூபாய் 40 காசு 1 ரூபாய் 20 காசு ஆவதும் பாதிப் பணம் போவதுதான். 69 காசுதான் இறங்கியது என்று தோன்றினாலும், உங்கள் 1,80,000 ரூபாய் இன்று 1,28,250 ஆகியிருக்கிறது. இது பழைய இடத்துக்கு வர 40 சதவீதம் ஏற வேண்டும்.

ஆவரேஜ் கணக்கையும் போட்டுவிடுவோம். 1 ரூபாய் 71 காசில் ஒரு லட்சத்துக்கு வாங்கினால் ஏறக்குறைய 58,480 பங்குகள் வரும். மொத்தப் பங்குகளுக்கான சராசரி 2 ரூபாய் 10 காசாக இறங்கும். திரையில் சராசரி குறைந்து தெரிவது ஆறுதலாக இருக்கும். ஆனால் முன்பு 1,80,000 ரூபாய்தான் சிக்கியிருந்தது. இப்போது 2,80,000 சிக்கியிருக்கும். நீங்கள் வாங்கும் அந்த 58,480 பங்குகளால் நிறுவனத்துக்கு ஒரு பைசா வருவதில்லை. வெளியேறக் காத்திருக்கும் இன்னொருவருக்கு வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். விற்பனையாகாமல் நிற்கும் வரிசையின் இன்னொரு முனையில் வாங்குபவராக நிற்க உங்களை அழைக்கிறார்கள்.

சுழி வரை போகுமா என்றால், போயிருக்கிறது. டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தின் பங்கு 2018இல் 600 ரூபாய்க்கு மேல் விற்றது. 2021 ஜூனில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அதன் மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, பங்குதாரர்களுக்கு எதுவும் இல்லை என்பதே அதில் இருந்தது. பங்கு சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. கடைசி நாட்களில் 20 ரூபாய் அளவில், இவ்வளவு மலிவா என்று வாங்கியவர்களுக்கும் கிடைத்தது சுழிதான். திவால் சட்டத்தில் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் பின்னால், வரிசையின் கடைசியில் நிற்பவர் பங்குதாரர்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சுஸ்லான் பங்கு 2020 மார்ச்சில் 2 ரூபாய்க்கும் கீழே போய், 2024இல் 80 ரூபாயைத் தாண்டியது உண்மை. ஆனால் அப்போதும் அந்த நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி விற்பனையும், ஓடிக்கொண்டிருந்த காற்றாலைகளும் இருந்தன. அதைக் கீழே இழுத்தது கடன் சுமை. கடன் குறையக் குறைய விலை திரும்பியது. உங்கள் நிறுவனத்தில் திரும்பி வருவதற்கான வியாபாரம் எது என்று தேடினேன். 9 கோடி விற்பனைக்கு அப்பால் எனக்கு எதுவும் தென்படவில்லை.

எல்சிட் எதைக் காட்டுகிறது

அவர்கள் காட்டிய எண்கள் சரியானவை. 2024 அக்டோபர் 29 அன்று எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பங்கு 3 ரூபாய் 53 காசிலிருந்து 2,36,250 ரூபாய் ஆனது. ஆனால் அந்த நிறுவனத்தில் இருப்பவை வெறும் 2 லட்சம் பங்குகள். 3.53ஐ 2 லட்சத்தால் பெருக்கினால் 7,06,000 ரூபாய். ஆசியன் பெயின்ட்ஸ் பங்குகளை ஆயிரக்கணக்கான கோடி மதிப்புக்கு வைத்திருந்த ஒரு நிறுவனத்துக்குத் திரையில் தெரிந்த விலை, ஒரு சாதாரணக் கார் விலை. அந்த விலையில் விற்க ஏறக்குறைய எவரும் முன்வரவில்லை. அதனால் பங்கு கைமாறுவதே அரிதாக இருந்தது. இத்தகைய முதலீட்டு நிறுவனங்களின் உண்மையான விலையைக் கண்டறிய, விலை வரம்பில்லாத சிறப்பு ஏலம் ஒன்றைப் பங்குச் சந்தை நடத்தியதில்தான் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. உங்களுக்கு ஒரே நாளில் 75,000 பங்குகள் கிடைத்ததையும், எல்சிட்டில் பங்கு கிடைப்பதே அரிதாக இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மதிப்பு உள்ளே இருந்தது, பங்கு குறைவாக இருந்தது. இங்கே இரண்டும் தலைகீழ்.

இப்போது செய்யக்கூடியது

என் தொழில்முறைக் கருத்து, கிடைக்கும் விலையில் விற்று வெளியேறுவது. விற்ற பிறகு விலை ஒருமுறை ஏறவும் கூடும்; அந்த வாய்ப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காகக் காத்திருக்க நிறுவனத்தின் கணக்கில் ஓர் ஆதாரமும் இல்லை.

உங்கள் செயலியில் அந்தப் பங்கைத் திறந்தால், வாங்குவோர் பக்கத்தில் ஐந்து வரியும் சுழியாகவும், விற்போர் பக்கத்தின் முதல் வரியில் 1.71 என்ற விலைக்கு நேராகக் கோடிக்கணக்கான பங்குகளும் தெரியும். லோயர் சர்க்யூட் என்பது அதுதான். ஒரே விலையில் நிற்பவர்களில் முன்னால் ஆர்டர் போட்டவருக்கே முதலில் விற்பனையாகும். அன்றைய ஆர்டர் அன்று மாலையே காலாவதியாகிவிடும் என்பதால், பத்து மணிக்குப் போடும் ஆர்டர் வரிசையின் வாலில்தான் நிற்கும். தரகர் செயலியில் முந்தைய மாலையிலேயே ஆர்டர் போடும் வசதி இருக்கும். அதில், மறுநாள் அனுமதிக்கப்படும் கீழ் விலைக்கே போடுங்கள். இன்றைய 1.71க்கு 5 சதவீத வரம்பில் அது 1 ரூபாய் 63 காசு. கீழ் விலைக்குப் போட்டாலும், அதைவிட அதிகம் கொடுக்க ஒருவர் இருந்தால் அதிக விலைதான் கிடைக்கும். முழுவதும் ஒரே நாளில் போகாமல் பகுதியாகவும் போகலாம். விற்றுமுடியும் வரை ஒவ்வொரு மாலையும் போட வேண்டும். இடையில் ஒரு நாள் வாங்குவோர் திரண்டு வந்து விலை மேலே துள்ளினால், அது மீட்சி என்று நினைத்து ஆர்டரை எடுத்துவிடாதீர்கள். பெரிய அளவில் விற்றுவிட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

தாமதத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இத்தகைய பங்குகளைச் சந்தை தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கும். அது நிறுவனத்தின்மீதான குற்றச்சாட்டு அல்ல; ஆனால் தினசரி விலை வரம்பு 2 சதவீதமாகச் சுருங்கலாம், கடுமையான கட்டங்களில் வாரத்தில் ஒரே நாள் மட்டும் வர்த்தகம் நடக்கலாம். அப்போது வெளியேறும் வழி இப்போதுள்ளதைவிடக் குறுகிவிடும். உங்கள் செயலியில் பங்கின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியல்களைக் குறிக்கும் GSM, ESM என்ற எழுத்துகள் தோன்றுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்றபின் வரும் நட்டம் குறுகிய கால மூலதன நட்டம். வருமான வரிப் படிவத்தை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால், அதை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று, பங்கு, நிலம் போன்றவற்றில் வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். கொப்பரை வியாபார லாபத்தில் கழிக்க முடியாது. விற்காமல் வைத்திருக்கும் வரை இது வரிக்கணக்கில் நட்டமே அல்ல.

குழுவைப் பற்றி: பங்கு வாங்கச் சொல்லித் தொழிலாக ஆலோசனை கூறுபவர் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆய்வாளர் என்றால் பதிவு எண் INH என்றும், ஆலோசகர் என்றால் INA என்றும் தொடங்கும். செபி தளத்தில் அந்த எண்ணைத் தேடிச் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன்பே குழுவின் பெயர், நடத்துபவரின் எண், தேதியோடு கூடிய செய்திகள் அனைத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள், ஏனெனில் கேள்வி கேட்பவர்களை வெளியேற்றுவது அவர்களுடைய வழக்கம். அந்தப் பதிவுகளோடு செபிக்கு எழுதலாம். விசாரணை நடந்து, தவறாகச் சம்பாதித்த பணத்தைத் திருப்பிக் கட்ட ஆணையிடும் அதிகாரம் செபிக்கு உண்டு. ஆனால் உங்கள் 51,750 ரூபாய் அந்த வழியில் உங்கள் கைக்கு வரும் என்று நம்பிக் காத்திருக்க நான் சொல்ல மாட்டேன். மச்சான்மேல் கோபம் இருக்கலாம். அவரும் வாங்கியிருந்தால், வரிசையில் அவரும் உங்களோடு நிற்பவர்தான். இதை அவருக்கும் காட்டுங்கள்.

கடையில் வேலை செய்யும் அந்த இருவரிடமும் இன்று மாலையே பேசுங்கள். 60 கோடிப் பங்குகள், 9 கோடி விற்பனை என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, நாளைக்கான விற்பனை ஆர்டரை அவர்கள் கைபேசியில் அவர்களே போடும்போது பக்கத்தில் இருங்கள்.